நிறுத்தங்களுக்கு இடையிலான தூரமும் ஒரு நடைக்கான செலவும்: விரிதாள் தவறாகக் காட்டும்போது அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடித்தல்

சிறிய கூரியர் சேவை நடத்துபவர்கள் பலர் ஒரு விரிதாளில் நிறுத்தங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒட்டி, அவற்றிலிருந்து தூரத்தையும், தூரத்திலிருந்து ஒரு நடைக்கான செலவையும் கணக்கிடுகிறார்கள். அந்தத் தாள் பிழைச் செய்தியைக் காட்டினால் அதை நல்வாய்ப்பு என்றே கருத வேண்டும். பெரும்பாலான பிழைகள் எந்தச் செய்தியும் இல்லாமல், நம்பத்தக்க ஓர் எண்ணாகவே வெளிவருகின்றன. அந்த எண்ணை நம்பிக் கட்டணமும் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே இந்த வழிமுறையைச் சூத்திரத்திலிருந்து தொடங்காமல், தாளில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தலாம். கிடங்கு 12.0000, 60.0000 என்ற இடத்தில் உள்ளது. முதல் நிறுத்தம் ‘அ’ 12.0300, 60.0000, இரண்டாவது நிறுத்தம் ‘ஆ’ 12.0300, 60.0400, மூன்றாவது நிறுத்தம் ‘இ’ 12.0100, 60.0500. அதன்பின் வண்டி கிடங்குக்குத் திரும்புகிறது. கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த எண்கள் இவை. வரைபடத்தில் தேடினால் கடலில்தான் விழும். A நெடுவரிசையில் பெயர், B-இல் அட்சரேகை, C-இல் தீர்க்கரேகை என வைத்து, 2ஆம் வரிசையில் கிடங்கு, 3, 4, 5ஆம் வரிசைகளில் நிறுத்தங்கள், 6ஆம் வரிசையில் மீண்டும் கிடங்கு என்று எழுதுகிறோம். D3 செல்லில் இடப்படும் சூத்திரம் இது:

```
=2*6371*ASIN(SQRT(SIN(RADIANS(B3-B2)/2)^2
 +COS(RADIANS(B2))*COS(RADIANS(B3))*SIN(RADIANS(C3-C2)/2)^2))
```

இது ஹாவர்சைன் சூத்திரம். 6371 என்பது கிலோமீட்டரில் பூமியின் சராசரி ஆரம். பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்வதால் நேரும் பிழை ஏறத்தாழ அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நகர அளவிலான விநியோகத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. D3 சூத்திரத்தை D6 வரை இழுத்துவிட்டால் நான்கு பகுதிகளும் முறையே 3.336, 4.350, 2.476, 5.551 கி.மீ. என வரும்; மொத்தம் சுமார் 15.71 கி.மீ. சரியான தாள் தரவேண்டிய விடை இதுவே. இந்த ஐந்து வரிசைகளையும் ஒரு தனித் தாளில் நிரந்தரமாக வைத்திருக்கும்படி பரிந்துரைக்கிறேன். சூத்திரத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் இந்த நான்கு எண்களும் மாறாமல் வருகின்றனவா என்று பார்த்துவிட்டால் பாதித் தேடல் மிச்சமாகும்.

அறிகுறி 1: எல்லாத் தூரங்களும் அபத்தமாகப் பெரிதாக இருக்கின்றன

எவ்வளவு பெரிது என்பதிலேயே காரணம் இருக்கிறது. கிடங்கிலிருந்து ‘அ’ வரை 3.336-க்குப் பதிலாக 191 கி.மீ. என்று வந்தால், அது ஏறத்தாழ 57 மடங்கு. ஒரு ரேடியன் என்பது சுமார் 57.3 பாகை என்பதை நினைவுகூர்ந்தால் காரணம் உடனே புலப்படும்: `RADIANS` விடுபட்டிருக்கிறது. விரிதாளின் `SIN`, `COS` இரண்டும் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கின்றன. பாகையைக் கொடுத்தாலும் அதையே ரேடியன் என்று எடுத்துக்கொண்டு விடை தந்துவிடும்.

இதே பிழைக்கு அடங்கிய வடிவம் ஒன்றும் உண்டு. அதுதான் அதிகக் கெடுதல் செய்வது. வித்தியாசங்களுக்கு `RADIANS` இட்டு, `COS(B2)*COS(B3)` என்ற பகுதியில் மட்டும் மறந்துவிட்டால், வடக்கு-தெற்குத் தூரங்கள் முற்றிலும் சரியாக வரும். கிழக்கு-மேற்குத் தூரங்கள் மட்டும் பிசகும். நம் எடுத்துக்காட்டில் ‘அ’விலிருந்து ‘ஆ’ வரை 4.350-க்குப் பதிலாக 3.82 கி.மீ. என்று காட்டும். யாரும் சந்தேகப்படாத எண் அது. ஆகவே சரிபார்ப்புக்கு நேர் வடக்கே ஒரு நிறுத்தமும் நேர் கிழக்கே ஒரு நிறுத்தமும் கட்டாயம் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டில் ‘அ’வும் ‘ஆ’வும் அப்படி அமைந்திருப்பது இதற்காகத்தான்.

தூரங்கள் எல்லாம் 20,015 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக, உதாரணமாக 20,011.75 என்று வந்தால், சூத்திரத்தில் `ASIN`-க்குப் பதிலாக `ATAN2` இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நிரல் மொழிகளில் `atan2(y, x)` என்று எழுதுவார்கள். விரிதாளிலோ `ATAN2(x, y)` என்று வரிசை தலைகீழாகும். நிரலிலிருந்து சூத்திரத்தை அப்படியே எடுத்து ஒட்டினால், பூமியின் அரைச் சுற்றளவான 20,015 கி.மீ.யிலிருந்து உண்மைத் தூரத்தைக் கழித்த விடை கிடைக்கும். 20,015-இலிருந்து உங்கள் எண்ணைக் கழித்துப் பார்த்து நியாயமான தூரம் வந்தால் ஐயமே வேண்டாம். இரண்டு மதிப்புகளையும் இடம் மாற்றினால் போதும் என்றாலும், ஒரே மதிப்பை ஏற்கும் `ASIN` வடிவத்துக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அறிகுறி 2: அடுத்தடுத்த இரண்டு தூரங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் வருகின்றன

இது சூத்திரத்தின் பிழை அல்ல, ஒரே ஒரு புள்ளியின் பிழை. ஒரு நிறுத்தத்துக்கு உள்ளே வரும் பகுதியும் அதிலிருந்து வெளியே போகும் பகுதியும் அதே புள்ளியைப் பயன்படுத்துவதால், அந்தப் புள்ளி கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடுகின்றன. இரண்டுக்கும் பொதுவான வரிசையைப் பாருங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் காலியாக இருந்தால் விரிதாள் அவற்றைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ‘ஆ’விலிருந்து 0, 0 வரை சுமார் 6,756 கி.மீ. தசமப் புள்ளி இடம் மாறியிருந்தாலும், ஓர் இலக்கம் விடுபட்டிருந்தாலும் இதே தோற்றம் ஏற்படும்.

செல்லில் தூரத்துக்குப் பதிலாக `#VALUE!` தெரிந்தால், அங்கே எண்ணாகத் தோன்றுவது உண்மையில் எழுத்து. ‘12.0300, 60.0400’ என்ற இரண்டையும் ஒரே செல்லில் ஒட்டுவது, பாகைக் குறியீடு ஒட்டிக்கொண்டு வருவது, தசமத்துக்குக் காற்புள்ளி இடும் அமைப்புள்ள கணினியில் புள்ளியுடன் உள்ள எண்ணை ஒட்டுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். `=ISNUMBER(B4)` என்று கேட்டால் `FALSE` என்று சொல்லிவிடும்.

அறிகுறி 3: தூரங்கள் நம்பத்தக்கவையாக இருக்கின்றன, ஆனால் வரைபடத்தோடு பொருந்தவில்லை

இந்த அறிகுறிக்கு அதிக இடம் ஒதுக்குகிறேன். பணம் வெளியே போவது இங்கேதான்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருப்பது. வரைபடச் செயலிகள் பெரும்பாலும் அட்சரேகையை முதலில் காட்டும். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பிலோ தீர்க்கரேகைதான் முதலில் வரும். இரண்டு இடங்களிலிருந்தும் எண்களை எடுத்து ஒரே தாளில் சேர்ப்பவர் எளிதில் ஏமாந்துவிடுவார். சில வரிசைகளில் மட்டும் மாறியிருந்தால் தூரம் ஆயிரக்கணக்கில் போய்த் தானே தெரிந்துவிடும். எல்லா வரிசைகளிலும் ஒரே மாதிரி மாறியிருந்தால்தான் அது மறைந்துகொள்கிறது. நம் எடுத்துக்காட்டை முழுவதும் மாற்றிப் போட்டால் நான்கு பகுதிகளும் 1.668, 4.448, 1.571, 5.587 என்று வரும், மொத்தம் 13.27 கி.மீ. உண்மையான 15.71-க்கு அருகில் இருப்பதால் யாரும் வியப்படைய மாட்டார்கள். ஆனால் கிடங்கிலிருந்து ‘அ’ வரையிலான தூரம் சரியாகப் பாதியாகியிருப்பதைக் கவனியுங்கள். 60 பாகையின் கொசைன் 0.5 என்பதே காரணம்: வடக்கு-தெற்கு வித்தியாசத்தைச் சூத்திரம் இப்போது தீர்க்கரேகை வித்தியாசம் என்று எண்ணிச் சுருக்குகிறது. ஆகவே வடக்கு-தெற்காகக் கிடக்கும் இரண்டு நிறுத்தங்களின் தூரத்தை வரைபடத்தின் அளவுகோலால் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். அட்சரேகையில் 0.01 பாகை வித்தியாசம் பூமியில் எங்கு இருந்தாலும் சுமார் 1.11 கி.மீ. என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவுகோல்கூடத் தேவையில்லை. B நெடுவரிசையில் 90-ஐத் தாண்டிய எண் ஏதேனும் இருந்தால் கேள்விக்கே இடமில்லை. அட்சரேகை 90-ஐத் தாண்டாது. சூத்திரம் மட்டும் அதற்கும் மறுப்புச் சொல்லாமல் விடை தரும்.

இரண்டாவது, பாகை-கலை-விகலை வடிவத்தைத் தசமம் என்று எண்ணி எழுதிவிடுவது. 12 பாகை 03 கலை 45 விகலை என்பதை 12.0345 என்று தட்டச்சு செய்தால், உண்மையான மதிப்பாகிய 12.0625-இலிருந்து அது 0.028 பாகை, அதாவது 3 கி.மீ.க்கும் மேல் விலகிவிடுகிறது. இதற்கு ஒரு தடயம் உண்டு: பரந்த பகுதியில் பல நிறுத்தங்கள் இருந்தும், தசமப் புள்ளிக்குப் பிந்தைய முதல் இரண்டு இலக்கங்கள் எங்குமே 59-ஐத் தாண்டவில்லை என்றால் அவை கலைகளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கலையை 60-ஆலும் விகலையை 3600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால் தசம வடிவம் கிடைக்கும்.

மூன்றாவது, இலக்கங்களைக் குறைத்துவிடுவது. இரண்டு தசம இடங்கள் மட்டும் இருந்தால் புள்ளிகள் 1.1 கி.மீ. கட்டங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த தெருக்களில் உள்ள நிறுத்தங்கள் சுழிய தூரம் காட்டும். நான்கு இடங்கள் இருந்தால் கட்டத்தின் அளவு 11 மீட்டர், கூரியர் வேலைக்கு அது தாராளம். திரையில் குறைவாகக் காட்டும்படி செல்லை வடிவமைப்பது வேறு, எண்ணையே வெட்டிவிடுவது வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதால் கணக்கில் எந்தக் கேடும் இல்லை.

ஒரே கட்டடத்தில் இரண்டு பார்சல்கள் இருக்கும்போது மட்டும் `#NUM!` வருகிறது என்றால், உங்கள் தாளில் இருப்பது `ACOS` வடிவச் சூத்திரம். இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருக்கையில் உள்ளே வரவேண்டிய மதிப்பு 1; கணினியின் முழுமையாக்கலால் அது இம்மியளவு 1-ஐத் தாண்டினால் `ACOS` மறுத்துவிடுகிறது. மேலே கொடுத்த வடிவத்தில் இந்தச் சிக்கல் எழாது.

அறிகுறி 4: தாளின் தூரம் எப்போதும் ஓடோமீட்டரைவிடக் குறைவாக இருக்கிறது

இது பிழையே அல்ல. ஹாவர்சைன் தருவது பறவை பறக்கும் தூரம். வண்டி சாலையில் போகிறது. நேர்க்கோட்டுத் தூரம் சாலைத் தூரத்தைவிட ஒருபோதும் அதிகமாக இருக்க முடியாது. ஆகையால் எந்தப் பகுதியிலாவது தாளின் எண் ஓடோமீட்டரை மிஞ்சினால், மேலே சொன்ன மூன்றாம் அறிகுறிக்குத் திரும்பி அந்தப் புள்ளிகளைச் சோதியுங்கள். மற்றபடி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்து பெருக்க வேண்டும். அந்த விகிதத்தை வேறெங்கிருந்தும் கடன் வாங்காமல் உங்கள் வண்டி ஓடும் பகுதியிலேயே அளப்பது அவசியம்.

நம் நடையில் ஓடோமீட்டர் காட்டியவை முறையே 4.1, 5.4, 5.2, 6.5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்; மொத்தம் 21.2. அதை 15.71-ஆல் வகுத்தால் 1.35 வருகிறது. பலர் இத்துடன் நின்று எல்லாத் தூரங்களையும் 1.35-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். பகுதிவாரியாக வகுத்துப் பார்த்தால் விகிதங்கள் 1.23, 1.24, 2.10, 1.17. மூன்று பகுதிகள் ஒரே போக்கில் இருக்க, ‘ஆ’விலிருந்து ‘இ’ வரையிலான பகுதி மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்ட எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆறோ, ரயில் பாதையோ, ஒருவழிச் சாலையோ இருக்கும். வண்டி பாலத்தைத் தேடிச் சுற்றிப் போகிறது. அந்த ஒரு சுற்றின் பாரத்தை 1.35 என்ற பொது விகிதத்தில் ஏற்றினால், பாலத்தைத் தாண்டாத வாடிக்கையாளர்களின் தூரம் உயர்ந்தும் தாண்டுபவர்களின் தூரம் குறைந்தும் காட்டப்படும்.

ஆகவே அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, மற்ற மூன்றின் சாலைத் தூரங்களைக் கூட்டி (16.0) நேர்க்கோட்டுத் தூரங்களின் கூட்டுத்தொகையால் (13.24) வகுத்தால் 1.21 கிடைக்கிறது. ஒவ்வொரு பகுதியின் விகிதத்தையும் சராசரி எடுப்பதைவிட இப்படிக் கூட்டி வகுப்பதே சரி. சராசரி எடுத்தால் அரைக் கிலோமீட்டர்ப் பகுதியும் பத்துக் கிலோமீட்டர்ப் பகுதியும் ஒரே எடை பெற்றுவிடும். அடுத்து, பாலத்தையே ஒரு புள்ளியாகத் தாளில் சேர்க்கிறோம். பாலம் 12.0200, 60.0300 என்றால் ‘ஆ’விலிருந்து பாலம் 1.56, பாலத்திலிருந்து ‘இ’ 2.44, சேர்ந்து 4.00 கி.மீ.; 1.21-ஆல் பெருக்க 4.84. ஓடோமீட்டரின் 5.2-க்கு இது போதிய நெருக்கம். முழு நடையும் இப்போது 20.85 கி.மீ. என வருகிறது, அளந்த 21.2-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இரண்டு சதவீதத்துக்குள்தான்.

ஒரே ஒரு நடையை வைத்து விகிதத்தை முடிவு செய்துவிடக் கூடாது. பல நாள் நடைகளின் தூரங்களைச் சேர்த்து வகுத்தால்தான் அது நிலைபெறும். நகரின் நெருக்கமான பகுதிக்கும் புறநகருக்கும் தனித்தனி விகிதம் தேவைப்படுவதும் உண்டு.

அறிகுறி 5: நடுவில் ஒரு வரிசையைச் சேர்த்தும் மொத்தம் மாறவில்லை

பாலத்தைச் சேர்த்தவுடனேயே பலர் இதைச் சந்திப்பார்கள். ‘ஆ’வுக்கும் ‘இ’வுக்கும் இடையே புதிய 5ஆம் வரிசையைச் செருகினால், ‘இ’ 6ஆம் வரிசைக்குத் தள்ளப்படும். ஆனால் அதன் சூத்திரம் இன்னமும் 4ஆம் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். செருகிய வரிசையின் D செல் காலியாக இருப்பதால் பாலம் கணக்கில் இல்லாமலே போகிறது. D3 செல்லைக் கடைசி வரிசை வரை மீண்டும் ஒருமுறை இழுத்துவிட்டால் சரியாகிவிடும். நிறுத்தங்களின் வரிசையை மாற்றியமைத்த பிறகும், ஒரு வரிசையை நீக்கியதால் `#REF!` தோன்றும்போதும் இதே மருந்துதான்.

அறிகுறி 6: ஒவ்வொரு நடையும் லாபம் காட்டுகிறது, மாத முடிவில் கையில் எதுவும் இல்லை

தூரம் சரியான பிறகும் செலவு தவறாக இருக்கலாம். நாணயத்தைப் பொதுவாக ‘அலகு’ என்று வைத்து அதே நடையைக் கணக்கிடுவோம். ஒரு லிட்டர் எரிபொருள் 90 அலகு, வண்டி உண்மையில் தரும் மைலேஜ் 45 கி.மீ. எனில், கிலோமீட்டருக்கு 2 அலகு. இதில் ‘உண்மையில்’ என்ற சொல் முக்கியமானது: தொட்டியை முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடியும் முழுதாக நிரப்பி, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்த எண் அது. அடிக்கடி நின்று கிளம்பும் கூரியர் வண்டி, விற்பனைத் தாளில் அச்சிட்ட மைலேஜைத் தருவதில்லை.

திரும்பி வரும் பகுதியை விட்டுவிட்டு, நேர்க்கோட்டுத் தூரத்தை எரிபொருளால் மட்டும் பெருக்கினால் 10.16 × 2, அதாவது ஏறக்குறைய 20 அலகு வரும். இதையே செலவு என்று நம்பி நடத்தப்படும் தாள்கள் ஏராளம். இப்போது முழுமையாகப் பாருங்கள். டயர், எண்ணெய், பழுது, தேய்மானம் ஆகியவை கிலோமீட்டருக்கு 1 அலகு என்றால், 21 கி.மீ. × 3 = 63 அலகு. ஓட்டுநரின் நேரம்: மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 63 நிமிடம், மூன்று நிறுத்தங்களில் தலா 6 நிமிடமாக 18, கிடங்கில் ஏற்றுவதற்கு 9, ஆக 90 நிமிடம். மணிக்கு 60 அலகு ஊதியம் எனில் 90 அலகு. காப்பீடு, வண்டித் தவணை போன்று ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் நாள் செலவு 240 அலகு. நாளுக்கு நான்கு நடைகள் என்றால் ஒரு நடைக்கு 60. மொத்தம் 213 அலகு, ஒரு நிறுத்தத்துக்கு 71.

மாத முடிவில் பணம் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் கடைசி வகுத்தல்தான் காரணமாகிறது. நான்கு நடை என்பது திட்டம். நடைமுறையில் மூன்றுதான் போனது என்றால் நாள் செலவில் ஒரு நடையின் பங்கு 80 ஆகி, நடையின் செலவு 233-க்கு ஏறுகிறது. கடந்த மாதம் உண்மையில் ஓடிய நடைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆளில்லாமல் திரும்பி வந்த பார்சலுக்காக மறுநாள் போன நடையையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்கலாம். ஆனால் அதற்கு வருமானம் இல்லை என்பதைத் தனியே குறித்து வைக்க வேண்டும்.

அறிகுறி 7: சராசரியின்படி கட்டணம் கேட்டும், சில புதிய வாடிக்கையாளர்களால் நட்டம் வருகிறது

ஒரு நிறுத்தத்துக்கு 71 என்ற சராசரி, ஏற்கெனவே ஓடிய நடையின் கதையைச் சொல்கிறது. புதிய நிறுத்தம் எவ்வளவு கூட்டும் என்பதை அது சொல்வதில்லை. அதற்குச் செருகும் தூரத்தைக் கணக்கிட வேண்டும்: முந்தைய நிறுத்தத்திலிருந்து புதியதற்கும், புதியதிலிருந்து அடுத்ததற்கும் உள்ள தூரங்களைக் கூட்டி, அவை இரண்டுக்கும் இடையில் முன்பிருந்த தூரத்தைக் கழிக்க வேண்டும்.

‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் இடையில் 12.0400, 60.0200 என்ற இடத்தில் ஒருவர் வந்தால், 2.443 + 2.443 − 4.350 = 0.536 கி.மீ.; சாலையில் 0.65. வண்டிக்கு 2 அலகு, ஓட்டத்துக்கும் நிற்பதற்கும் சேர்த்து 8 நிமிடத்துக்கு 8 அலகு, ஆக வெறும் 10 அலகுதான் கூடுகிறது. அதே நேரத்தில் ‘இ’வைக் கடந்து 12.0100, 60.1000-இல் ஒருவர் வந்தால், 5.438 + 10.933 − 5.551 = 10.82 கி.மீ.; சாலையில் 13.1. வண்டிக்கு 39, நேரத்துக்கு 45, ஆக ஏறத்தாழ 84 அலகு. இருவரிடமும் 71 கேட்டால் முதலாமவர் வேறு கூரியரைத் தேடிப் போய்விடுவார். இரண்டாமவர் ஒவ்வொரு முறையும் 13 அலகு நட்டத்தோடு தங்கிவிடுவார். தாளில் இதற்கென ஒரு நெடுவரிசையை ஒதுக்கி, புதியவரின் புள்ளியை எந்த இரு நிறுத்தங்களுக்கு இடையில் வைத்தால் செருகும் தூரம் மிகக் குறைவாக வருகிறது என்று பார்த்த பிறகே கட்டணத்தைச் சொல்லுங்கள்.